நூறு ரூபாய்ச் சிவப்பு: ஒரு பார்வை நரம்பு அழற்சி நிகழ்வு

நோயாளிக்கு வயது 26. ஆம்பூர் பக்கத்தில் ஒரு காலணி ஆலையில் ஜோடி சேர்க்கும் மேஜையில் வேலை. வெட்டி வரும் தோல் துண்டுகளில் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறத்தில் பார்த்துப் பார்த்து இணைக்க வேண்டும். கொஞ்சம் வெளிறியிருந்தாலும் அந்த ஜோடி திரும்பி வந்துவிடும். அடையாளம் தெரியாமல் இருக்க, ஒரே மாதிரி வந்த சிலருடைய விவரங்களைக் கலந்து ஒருவராக எழுதியிருக்கிறேன். வேலூரில் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு நோயாளி அவ்வப்போது வருவது புதிதல்ல.

சித்திரை மாதம். முதல் நாள் காலையில் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு இழுப்பு வலி. நேராகப் பார்த்தால் அவ்வளவாக இல்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் சுள்ளென்று இழுக்கிறது. ராத்திரி தூக்கம் சரியில்லை என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் மேஜையில் குனிந்திருக்கும்போது வியர்வை வலது கண்ணில் இறங்க, துப்பட்டாவால் அந்தக் கண்ணை மூடித் துடைத்தார். கையில் இருந்தது சிவப்புத் தோல். இடது கண்ணுக்கு மட்டும் அது செங்கல் தூள் மாதிரி மங்கித் தெரிந்தது. கையை எடுத்தார், சிவப்பு. மூடினார், செங்கல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நல்ல கண் கொடுக்கும் படத்தையே மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரு கண் மங்கியிருப்பதே பல நாள் தெரியாமல் போவது இதனால்தான். அந்த வியர்வை இறங்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் போயிருக்கும்.

நான்காம் நாள் ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தார்கள். பவர் இல்லை, கண் அசதி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண்ணின் வெளிப்புறம் வெள்ளையாக, சிவப்பில்லாமல், நீர் வடியாமல் இருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்புதான். ஏழாம் நாள் அம்மாவுடன் பஸ் பிடித்து வேலூர் வந்தார். அதற்குள் இடது கண்ணின் நடுப்பகுதியில் ஒரு சாம்பல் புள்ளி உட்கார்ந்திருந்தது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை.

கேட்டதும் கண்டதும்

வலது கண் 6/6. இடது கண் 6/36. சின்னத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னபோதும் இடது கண்ணில் ஒரு வரி கூட ஏறவில்லை. கண்ணாடிக் குறைபாடாக இருந்தால் துளை வழியாகப் பார்க்கும்போது கொஞ்சமாவது தெளியும். ஆக, பிரச்சினை லென்சில் இல்லை.

அடுத்து கண் அசைவு. எல்லாப் பக்கமும் முழுசாக அசைகிறது, ஆனால் மேலேயும் உள்பக்கமாகவும் பார்க்கும்போது முகம் சுளிக்கிறார். இந்த வலிக்கு உடற்கூறில் நேரான காரணம் உண்டு. பார்வை நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கண்குழியின் ஆழத்தில், கண்ணை அசைக்கும் தசைகள் தொடங்கும் இடத்தில், மேல் தசையும் உள்தசையும் அந்த உறையோடு ஒட்டியே கிளம்புகின்றன. நரம்பு வீங்கியிருக்கும்போது தசை இழுத்தால் உறையும் சேர்ந்து இழுபடும். அமெரிக்காவில் 457 பேரைச் சேர்த்து நடந்த பார்வை நரம்பு அழற்சி ஆய்வில் 92 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. அதனால் வலியே இல்லாமல் பார்வை போயிருந்தால், நான் முதலில் வேறு காரணங்களைத் தேடுவேன்.

நிறத்துக்கு இஷிஹாரா புத்தகம். வலது கண்ணால் எல்லாத் தட்டையும் கடகடவென்று படித்தார். இடது கண்ணால் முதல் தட்டையும் இன்னும் இரண்டையும்தான் படிக்க முடிந்தது. முதல் தட்டு நிறக்குருடு உள்ளவரும் படிக்கக்கூடியது. அதைக்கூடப் படிக்காவிட்டால் பார்வையே போதவில்லை என்று பொருள், அப்போது மற்றத் தட்டுகளை வைத்து நிறத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிறவியிலேயே நிறக்குறை உள்ளவர் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி தவறுவார். இவருக்கு ஒரு கண்ணில் மட்டும் தவறுகிறது.

புத்தகத்தைவிட எனக்குப் பிடித்தது சிவப்பு மூடி போட்ட சொட்டு மருந்துப் புட்டி. வலது கண்ணுக்குக் காட்டி, “இந்தச் சிவப்பு நூறு ரூபாய்னு வெச்சுக்கோங்கம்மா” என்றேன். இடது கண்ணுக்கு மாற்றி, “இப்ப இது எவ்வளவு?” என்றால், தயங்காமல் “முப்பது ரூபா தரலாம் டாக்டர்” என்றார். நிறம் பார்ப்பதே தொழிலாக உள்ளவருடைய மதிப்பீடு, நான் அதைச் சந்தேகப்படவில்லை. எழுத்துப் பலகையில் 6/9 படிக்கும் அளவுக்குப் பார்வை இருந்தும் சிவப்பு பாதி விலைக்குப் போயிருப்பவர்கள் உண்டு. பார்வை குறைந்த அளவுக்கு மீறி நிறம் குறைந்திருந்தால் சந்தேகம் நரம்பின் பக்கம் போக வேண்டும்.

டார்ச் ஆட்டும் சோதனை

இந்த நோயில் நம்பத்தகுந்த ஒற்றை அறிகுறி இதுதான் என்பேன், செலவும் இல்லை. அறையை இருட்டாக்கி, நோயாளியைத் தூரத்தில் பார்க்கச் சொல்லி, பளிச்சென்ற டார்ச்சை வலது கண்ணில் இரண்டு மூன்று வினாடி அடித்தேன். இரண்டு கருவிழித் துளைகளும் சுருங்கின. டக்கென்று இடது கண்ணுக்கு மாற்றினேன். வெளிச்சம் நேராக விழுகிறது, ஆனாலும் இரண்டு துளைகளும் விரிகின்றன. மறுபடி வலது, சுருக்கம். மறுபடி இடது, விரிவு.

இரண்டு துளைகளுக்கும் மூளையிலிருந்து வரும் கட்டளை ஒன்றே. எந்தக் கண்ணில் வெளிச்சம் அடித்தாலும், அந்தக் கண்ணின் நரம்பு எவ்வளவு வெளிச்சம் என்று சொல்கிறதோ அதை வைத்தே இரண்டும் சுருங்கும். இடது நரம்பு குறைத்துச் சொல்வதால், டார்ச் இடதுபக்கம் போனதும் யாரோ விளக்கை மங்கலாக்கியது போல மூளை நினைத்துக்கொள்கிறது. டார்ச் எந்தக் கண்ணுக்கு மாறும்போது துளைகள் விரிகின்றனவோ, அந்தப் பக்கம்தான் நோய்.

இது தவறிப் போவதற்கு வழிகள் உண்டு. வேகமாக ஆட்டினால் துளைக்கு நகர நேரம் இருக்காது. பக்கத்தில் உள்ள டார்ச்சையே நோயாளி பார்த்தால், கிட்டத்தில் பார்ப்பதாலேயே துளை சுருங்கிவிடும். இரண்டு நரம்பும் ஒரே அளவு பாதிக்கப்பட்டிருந்தால் வித்தியாசமே தெரியாது. இவற்றையெல்லாம்விட எரிச்சல் தருவது, பரிந்துரைத்து அனுப்பும் இடத்திலேயே கண்ணை விரிக்கும் மருந்து போட்டு அனுப்பிவிடுவது. வந்து சேரும்போது துளை அசையாது, அன்றைய நாளுக்கு அந்தச் சோதனை போயிற்று. விழித்திரையைப் பார்க்கும் அவசரம் புரிகிறது, ஆனால் டார்ச்சை முதலில் அடித்துவிட்டு மருந்து போட்டால் என்ன?

டார்ச் சோதனை முடிந்த பிறகுதான் இவருக்கு மருந்து போட்டு உள்ளே பார்த்தேன். நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டு இளஞ்சிவப்பாக, ஓரம் தெளிவாக, நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, டாக்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று பழைய மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்வது இந்த நிலையைத்தான். அழற்சி கண்ணுக்குப் பின்னால் நரம்பின் நீளத்தில் எங்கோ இருந்தால் முன்னால் வட்டு வீங்காது. அந்த அமெரிக்க ஆய்வில் வட்டு வீங்கியிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். அதனால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடக் கூடாது. விழித்திரை நன்றாக இருந்து, டார்ச் சோதனையும் இப்படி வந்தால் நோய் பின்னால் இருக்கிறது. பார்வைப் புலச் சோதனையில் இடது கண்ணின் நடுவில் ஒரு கருப்புத் திட்டு விழுந்தது, அவர் சொன்ன சாம்பல் புள்ளியின் வரைபடம்.

சோதனைகள் ஏன், எந்த வரிசையில்

நோயின் பெயர் அந்த அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இத்தனை சோதனை என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அழற்சி இருக்கிறதா என்று பார்க்க அல்ல, அழற்சிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். மூளையையும் தண்டுவடத்தையும் திரும்பத் திரும்பத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நோயின் முதல் தாக்குதலாக இது இருக்கலாம். அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வரும் நோயாக இருக்கலாம், சுருக்கமாக என்எம்ஓ என்போம். மாக் என்ற இன்னொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியாக இருக்கலாம். எதுவுமே இல்லாமல் ஒருமுறை வந்து போவதாகவும் இருக்கலாம். இந்தியாவில் பின்னால் சொன்ன இரண்டு ஆன்டிபாடி நோய்களையும் மறக்கக் கூடாது, மேலை நாட்டுப் பாடநூல்களை அப்படியே பின்பற்றினால் அவை நழுவிவிடும்.

அதற்கு முன் கதை கேட்பதில் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். காலில் மரத்துப்போனது, கழுத்தை முன்னால் குனிந்தால் முதுகில் ஷாக் ஓடியது, சிறுநீர் கட்டுப்படாமல் போனது, நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் வந்தது என்று ஏதாவது நடந்ததா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் என்எம்ஓ மூளைத் தண்டின் வாந்தி மையத்தைத் தாக்கும்போது நோயாளி முதலில் வயிற்று மருத்துவரிடம்தான் போவார். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டு வருடம் முன் வலது கையில் ஒரு வாரம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, ‘நரம்பு சத்து’ மாத்திரையில் சரியாயிற்று என்று மட்டும் சொன்னார். குறித்துக்கொண்டேன். காசநோய்க்கு எத்தாம்ப்யூட்டால் சாப்பிட்டாரா என்றும் கேட்டேன். அந்த மாத்திரையும் நிறத்தைக் கெடுக்கும், ஆனால் இரண்டு கண்ணையும் சேர்த்து, வலியில்லாமல், மெதுவாக. இவர் சாப்பிட்டதில்லை.

ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்தோம். இந்த வரிசை முக்கியம், மருந்து ஏறிய பிறகு ஆன்டிபாடியின் அளவு குறைந்து பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். செல் அடிப்படையிலான முறையில் செய்யும் ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும், பழைய முறைகளில் மாக் ஆன்டிபாடி நம்பும்படி வராது. கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே, சிஃபிலிஸ் சோதனை. எக்ஸ்ரே காசநோய்க்காக. உள்ளே ஒளிந்திருக்கும் காசநோய் மேல் ஸ்டீராய்டை ஊற்றினால் அது கிளம்பிவிடும். ஆன்டிபாடி முடிவு வர நாளாகும், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

எம்ஆர்ஐ எழுதும்போது ‘மூளை’ என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் நடக்கும். மூளையும் கண்குழியும், கொழுப்பின் பிரகாசத்தை அடக்கும் படங்களோடு, காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி என்று முழுசாக எழுத வேண்டும். கண்குழி முழுக்கக் கொழுப்பு, சாதாரணப் படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்து நரம்பின் வெண்மையை மறைத்துவிடும். இவருடைய படத்தில் இடது பார்வை நரம்பின் கண்குழிப் பகுதியில் சின்ன நீளத்துக்கு மட்டும் மருந்து ஏறி ஒளிர்ந்தது. உறை ஒளிரவில்லை. நரம்பின் பாதிக்கு மேல் நீண்டிருந்தாலோ, இரண்டு நரம்பும் சந்திக்கும் இடம் வரை போயிருந்தாலோ என்எம்ஓ பக்கம் மனம் போயிருக்கும். நரம்பைச் சுற்றி உறையே ஒளிர்ந்து, வட்டும் கடுமையாக வீங்கியிருந்தால் மாக் பக்கம். அப்புறம் மூளை. திரவ அறைகளின் ஓரமாக, முட்டை வடிவில் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள். அவை ஒளிரவில்லை, அதாவது பழசு.

அந்த இரண்டு புள்ளிகள்

அந்த அமெரிக்க ஆய்வின் நோயாளிகளை 15 வருடம் தொடர்ந்தார்கள். முதல் எம்ஆர்ஐயில் மூளையில் புள்ளியே இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வந்தது. ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம். அது அங்குள்ள மக்களின் கணக்கு, வாணியம்பாடிக்கோ குடியாத்தத்துக்கோ அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் புள்ளி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள இடைவெளி பெரியது, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப அது போதும்.

நரம்பியல் மருத்துவர் முதுகுத்தண்டு நீர் எடுத்தார். அம்மாவுக்கு அந்த ஊசியின் மேல்தான் பயம், “முதுகில ஊசி போட்டா கால் வராதுன்னு சொல்றாங்களே” என்றார். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே என்று படம் வரைந்து காட்டிய பிறகு சம்மதித்தார். அந்த நீரில் இருந்த ஆலிகோகுளோனல் பட்டைகள் ரத்தத்தில் இல்லை. மூளைக்குள்ளேயே எதிர்ப்புப் புரதம் தயாராகிறது என்று அதற்குப் பொருள்.

இங்கே விதிகள் மாறியதும் ஒரு கதை. மெக்டொனால்ட் விதிகள் என்று இந்த நோயை உறுதிசெய்ய ஒரு வரையறை இருக்கிறது. 2017 பதிப்பில் நரம்பு மண்டலத்தின் நான்கு இடங்களில் இரண்டிலாவது தழும்பு வேண்டும், பார்வை நரம்பு அந்த நான்கில் இல்லை. கண்ணில்தான் நோயே தொடங்கியிருக்கிறது, ஆனால் கண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது! 2024 திருத்தத்தில் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்துவிட்டார்கள். இவருக்குப் பழைய விதிப்படி ஒரே இடம், காத்திருந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள். புதிய விதிப்படி பார்வை நரம்பு ஒன்று, திரவ அறை ஓரம் இரண்டு, கூடவே பட்டைகள், நோய் உறுதி. பழைய கை மரத்துப்போன கதையும் இப்போது இடத்தில் வந்து உட்கார்ந்தது, ஆனால் யாரும் அன்று சோதிக்காததால் அதை ஆதாரமாக வைக்க முடியாது.

ஆன்டிபாடி இரண்டும் ‘இல்லை’ என்று பின்னர் வந்தது. அது வருவதற்கு முன் நீண்டகால மருந்து எதையும் தொடங்காமல் நரம்பியல் மருத்துவர் காத்திருந்தார். மல்டிபிள் ஸ்க்லரோசிஸுக்கு நல்லது செய்யும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நாட்டலிசுமாப் போன்றவை என்எம்ஓவில் நோயை மோசமாக்கக்கூடும். இரண்டையும் குழப்பினால் விலை கண்ணாகவோ காலாகவோ இருக்கும்.

சிகிச்சை

மெத்தில்பிரெட்னிசலோன் தினம் 1 கிராம், சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக, 3 நாள். அப்புறம் பிரெட்னிசலோன் மாத்திரை உடல் எடைக்கு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 11 நாள், பின் சில நாளில் குறைத்து நிறுத்தம். ஏற்றும்போது வாயில் இரும்புச் சுவை, ராத்திரி தூக்கம் வராமை, முகத்தில் சூடு, இதெல்லாம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். மூன்றாம் நாளே வலி போய்விட்டது.

ஒரு உண்மையை நோயாளியிடம் மறைக்கக் கூடாது. இந்த மருந்து குணமாவதை வேகப்படுத்தும், கடைசியில் கிடைக்கும் பார்வையைக் கூட்டாது. 1992இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு அது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னொரு முடிவு இன்னும் முக்கியம். கிலோவுக்கு 1 மி.கி. மாத்திரையை மட்டும் கொடுத்தவர்களுக்கு அழற்சி திரும்பத் திரும்ப வந்தது அதிகம். ஆகவே கண் வலி, மங்கல் என்று வருபவருக்கு மருந்துச் சீட்டில் பிரெட்னிசலோனை மட்டும் எழுதி அனுப்புவது கூடாது. மாத்திரை வடிவம் குற்றமல்ல, அளவுதான் குற்றம். ஊசிக்குச் சமமான பெரிய அளவை மாத்திரையாகக் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. என்எம்ஓ என்று சந்தேகம் இருந்தால் கணக்கு முழுசாக மாறும். அதில் தாமதிக்காமல் அதிக அளவு ஸ்டீராய்டு, பலனில்லாவிட்டால் உடனே பிளாஸ்மா மாற்றம். அங்கே காத்திருந்தால் பார்வை திரும்பாது.

மூன்றாவது வாரம் இடது கண் 6/12. மூன்றாவது மாதம் 6/6, ஒரு எழுத்துகூடத் தவறாமல். புட்டி மூடியைக் காட்டினால் “எண்பது ரூபா” என்றார். பலகையில் முழு மதிப்பெண் வாங்கிய பிறகும் நிறமும் வெளிச்சத்தின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தே நிற்பது இந்த நோயின் வழக்கம், அதனால் பார்வை சரியாயிற்று, எல்லாம் கற்பனை என்று அவரிடம் யாரும் சொல்லக் கூடாது. விஇபி சோதனையில் சதுரங்கக் கட்டம் மாறும்போது மூளையின் பின்பக்கம் எழும் அலை வலது கண்ணிலிருந்து 101 மில்லிசெகண்டில், இடதிலிருந்து 127 மில்லிசெகண்டில் வந்தது. இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை போன நரம்பில் செய்தி மெதுவாகத்தான் ஓடும்.

இதற்கு நடுவே, மே மாதம் ஒரு மதியம் பதறிப்போய் போன் செய்தார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் வீட்டுக்கு நடந்ததும் இடது கண் மறுபடி மங்கிவிட்டதாம். உடனே வா என்று சொல்லவில்லை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர் குடித்து அரை மணி கழித்துக் கூப்பிடச் சொன்னேன். சரியாகிவிட்டது. உடல் சூடேறினால் மயலின் உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடைபடும், ஊத்தாஃப் நிகழ்வு என்று பெயர், வேலூர் கோடையில் இதைக் கேட்காத நோயாளி குறைவு. புதுத் தாக்குதலோடு குழப்பக் கூடாது. சூட்டில் வந்தது உடல் ஆறியதும் போய்விடும், வலி இருக்காது. 24 மணி நேரம் தாண்டியும் நின்றால், அல்லது அசைக்கும்போது வலித்தால் அன்றே வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது மாதம், விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் இடது நரம்பிழை அடுக்கு 78 மைக்ரான், வலதில் 100. முதல் வருகையில் எடுத்தபோது இடது கொஞ்சம் தடித்தே இருந்தது. இழைகள் இற்றுப்போனது தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், முதல் நாள் ஸ்கேன் நன்றாக இருந்தால் அதை வைத்து நிம்மதியடைய முடியாது.

இந்த நேரத்தில் அம்மா கேட்டது இதுதான்: “மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம் டாக்டர், இதைச் சொல்லலாமா?” சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு, அவரிடமே கேளுங்கள் என்றேன். மருத்துவமாகச் சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. இந்த நோய் கல்யாணத்துக்கோ பிள்ளை பெறுவதற்கோ தடையில்லை, ஆனால் நோய் திரும்பாமல் இருக்க எந்த மருந்து என்று தேர்ந்தெடுப்பதில் கர்ப்பம் எப்போது என்பது ஒரு கணக்கு. சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே பல மாதம் நிறுத்த வேண்டும். நரம்பியல் மருத்துவர் அந்தப் பேச்சை அவரிடம் தனியாகப் பேசி, மருந்தைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த எம்ஆர்ஐக்கும் ஓசிடிக்கும் தேதி குறித்தாயிற்று. ஜோடி சேர்க்கும் மேஜைக்கு அவர் திரும்பிவிட்டார், வேலையில் குறை ஒன்றும் இல்லை என்கிறார்.